ஒன்பது தரம் வந்த படகு

மயிலிட்டித் துறைமுகத்தில் ஐஸ் தூக்குவது என்னுடைய தொழில். நாடகப் பட்டறைக்குப் போனதற்குக் காரணம், சங்க மண்டபத்தில் இருக்கக் கதிரை போட்டிருந்தார்கள். நாடகம் பழக்குகிற மதுரா ரீச்சர் வந்ததும் கதிரைகளை ஓரமாக அடுக்கச் சொன்னா. அடுக்கினதும் நான்தான்.

கடைசிவரை நின்றவர்கள் மூன்று பேர். நான், படகோட்டி லியோன், கருவாடு போடுகிற கேதீஸ்வரி. கேதீஸ்வரியின் புருசன் சிவரூபன் இரண்டு வருசத்துக்கு முதல் கடலுக்குப் போனவன். துறையில் யாரும் அவனைப் பற்றி வேறு விதமாகச் சொல்லுவதில்லை. 'இன்னும் வரேல்லை' என்பார்கள். அவ ஒவ்வொரு காலையும் என்னிடம் அரைக்கட்டி ஐஸ் வாங்குவா. கருவாட்டுக்கு ஐஸ் தேவையில்லை. நான் கேட்டதில்லை.

ரீச்சர் தந்த நிலைமை ஒன்றுதான்: விடிந்துவிட்டது, படகைக் காணவில்லை. அதை வைத்து, எழுத்து இல்லாமல், வாய்க்கு வந்தபடி நடித்தோம். ஆறு ஞாயிற்றுக்கிழமை. ரீச்சர் போனில் பதிந்தது இரண்டே முக்கால் மணித்தியாலம். யாழ்ப்பாணத்து விழாவில் எங்களுக்கு இருபது நிமிசம். இருபது முடிய லைற்றை நிப்பாட்டிப்போடுவார்களாம். போன வருசம் ஒரு நாடகத்தில் ராசா சாகமுதலே இருட்டிப்போச்சாம்.

"கனிசியஸ் அண்ணை, ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு கடதாசி மட்டை எழுதுங்கோ. ஆருக்கு என்ன வேணும், கடைசியிலை என்ன மாறினது. அவ்வளவுதான்" என்றா ரீச்சர் என்னிடம்.

"எனக்கு எழுத்து மெதுவா வரும் ரீச்சர். ஐம்பது வயதிலைதான் படிச்சனான்."

"நல்லது. நீட்ட மாட்டியள்."

ஒன்பது மட்டை எழுதி நிலத்தில் பரப்பினேன். ரீச்சர் நடந்து நடந்து வாசித்தா. ஒன்பதிலும் கடைசி வரி ஒன்று: படகு வந்திட்டுது.

"எல்லாம் ஒரே முடிவு. எல்லாருக்கும் கேட்டது கிடைக்குது, ஆருக்கும் ஒண்டும் மாறேல்லை. ஒருக்கா வராமல் விடுவமே?"

லியோன் கூரையைப் பார்த்தான். "ரீச்சருக்கு எந்த ஊர்?"

"மருதனார்மடம்."

"அங்கை சந்தை நல்லம். கடல்தான் இல்லை" என்றான்.

கேதீஸ்வரி பையைத் தூக்கினா. "படகு வராதெண்டு என்ரை வாயாலை வராது. வேறை ஒருத்தர் அதைச் சொல்லக் கேட்டுக்கொண்டு நிக்கவும் மாட்டன். நான் போறன்."

அவ போனால் நாடகம் இல்லை. அதைவிட, அவ வாய் திறந்து கத்துகிற இடம் இது ஒன்றுதான். இரண்டு வருசமாக வீட்டில் யாரோடும் கதையில்லை என்று அவவின் மாமியே சொல்லியிருக்கிறா.

நான் ஒன்பதாம் மட்டையை எடுத்தேன். அதில் கேதீஸ்வரி ஐஸ்பெட்டிக்கு மேலே குந்தியிருப்பா. லியோன் தன் மீனுக்கு ஐஸ் கேட்பான். 'அவர் கொண்டுவாற மீனுக்கு வைச்சது' என்று அவ குடுக்கமாட்டா. பதிவில் பதினொரு நிமிசம். எட்டு நிமிசம் லியோன் தன் எஞ்சினைப் பற்றிக் கதைத்தது. மட்டையின் கடைசி வரியைக் கிழித்தேன்.

"அப்ப முடிவு?" என்றா ரீச்சர்.

"படகைப் பற்றி ஏன் கதைக்கவேணும்? ஐஸ் இருக்கு. குடுக்கிறாவோ இல்லையோ?"

ரீச்சர் நிலத்தில் இருந்திட்டா. மற்ற மட்டைகளை இழுத்து, ஐஸ் கேட்கிற மூன்று கட்டத்தை வரிசையாக வைத்தா. முதல் மீனுக்கு. அடுத்தது கலியாண வீட்டுச் சர்பத்துக்கு. கடைசியாகக் காய்ச்சல்காரப் பிள்ளைக்கு. வரவரப் பாரம் கூடவேணுமாம். கேட்கிற மூன்று பேரும் லியோன்தான். சட்டை மாற்றுவான்.

கேதீஸ்வரி பையைக் கீழே வைத்தா. "பிள்ளைக்கெண்டா குடுக்கத்தானே வேணும்" என்றா, எங்களைப் பார்க்காமல். "முழுக்க இல்லை."

முதல் ஒத்திகை ஓட்டம் இருபத்தேழு நிமிசம். எஞ்சின் கதையை வெட்டினோம்.

"எஞ்சின் இல்லாட்டி நான் என்னத்துக்கு?" என்றான் லியோன்.

"ஐஸ் கேக்க."

இருபத்திரண்டு. கை செய்கிறதை வாயும் சொல்லுகிற இடமெல்லாம் வெட்டினோம். அவ நனைந்த சாக்கைப் பிழிந்தால் போதும், 'ஐஸ் கரையுது' வேண்டாம். பத்தொன்பது நிமிசம் ஐம்பது செக்கன். ஆனால் ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் கேதீஸ்வரி பழக்கத்தில் 'படகு வந்திட்டுது' என்று சொல்லிக்கொண்டே இருந்தா. ரீச்சர் திருத்தவில்லை. நானும் அதை மட்டையில் எழுதவில்லை.

விழாவன்று லியோன் பிள்ளைக்காரனாக வந்து ஐஸ் வாங்கிக்கொண்டு போனான். பெட்டிக்குள் ஒரு துண்டு மிச்சம். கேதீஸ்வரி அதைச் சாக்கால் மூடினா. லைற் நிற்க இன்னும் பத்துச் செக்கன் இருந்தது. மேடைக் கரையில் லியோன் என் கையைப் பிடித்தான். அவ வாய் திறந்தா. பிறகு மூடினா. பெட்டியின் மூடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தா. லைற் நின்றது.

அடுத்தநாள் காலை துறையில் கேதீஸ்வரி ஐஸுக்குப் பை விரித்தா. வழக்கம்போல அரைக்கட்டியைத் தூக்கினேன்.

"கால்கட்டி போதும், அண்ணை."

உடைத்துக் குடுத்தேன்.