அட்டையில் பி1

ஜெர்மன் வகுப்பில் பன்னிரண்டு பேருக்கு முன்னால் சிதம்பரநாதன் சார் பட்டியலில் என் பேரை வெட்டினார். "விஜயலெட்சுமி, உமக்கு இது சரிவராது. இந்த முறைப் பரீட்சைக்கு உம்மை அனுப்பேலாது."

அதற்கு முந்தின நாள் ஜெர்மனியிலிருந்து ஒரு அம்மா வீடியோவில் வந்திருந்தார். அங்கே முதியோர் இல்லத்தில் தாதிப் பயிற்சிக்கு ஆள் எடுப்பவர். ஜெர்மன் மொழியில் பி1 என்ற படி பாஸானவர்களுக்குத்தான் இடம். அவர் என்னிடம் ஏதோ கேட்டார். "வகுப்புக்கு எப்படி வந்தாய்?" என்று கேட்டாராம், பிறகுதான் தெரிந்தது. நான் சுற்றாடல் மாசடைதல் கட்டுரையை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை, பரிதாபத்தோடு பார்த்தார். அதுதான் பொறுக்கவில்லை.

ஏழு மாதமாக மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இருட்டோடு புறப்பட்டு, பசறையில் பஸ் மாறி, பதுளைக்கு வந்துபோனவள் நான். முதல் நாளே கையில் பி1 புத்தகத்தின் போட்டோகொப்பியைக் கொடுத்தார்கள். விளங்காததை மனப்பாடம் செய்தோம். பள்ளிக்கூடத்தில் பழகியது அதுதானே. பன்னிரண்டு கட்டுரை எனக்குத் தலைகீழாகத் தெரியும்.

பேர் வெட்டுப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டில் அம்மாவுக்குப் போன் போட்டேன். "எனக்கு மூளையில ஏறலம்மா."

"அப்ப திங்கக்கெழமலருந்து கொழுந்து பறிக்கப் பெரட்டுக்கு வந்துரு. கங்காணிகிட்ட சொல்லி வைக்கிறேன்" என்றாள் அம்மா. கோபமே இல்லாமல் சொன்னாள்.

பக்கத்தில் இருந்த முஷ்ரிபா, என்னோடு படிக்கிற பதுளைக்காரி, போனை நீட்டினாள். "இதப் பாரு. பரீட்சை நடத்துறவங்க வெப்சைட்டுல போட்டிருக்காங்க." ஆங்கிலத்தில் ஆறு படிகள். ஒவ்வொன்றுக்கும், அந்தப் படியை முடித்தவரால் என்ன செய்ய முடியும் என்ற பட்டியல்.

ஏ1: மற்றவர் மெதுவாகப் பேசினால், பேர், ஊர் சொல்லி, எளிய கேள்வி கேட்டுப் பதில் சொல்லலாம். ஏ2: கடையில் வாங்கலாம், வழி கேட்கலாம், வீட்டைப் பற்றியும் வேலையைப் பற்றியும் சின்னச் சின்னதாகப் பேசலாம். பி1: பயணத்தில் வருவதைப் பெரும்பாலும் சமாளிக்கலாம், பட்ட அனுபவத்தைச் சொல்லலாம், தன் கருத்துக்குக் காரணம் காட்டலாம். பி2: அந்த நாட்டவரோடு இருவருக்கும் சிரமமில்லாமல் உரையாடலாம். சி1: வேலையிலும் படிப்பிலும் மொழியைத் தாராளமாகக் கையாளலாம், நீண்ட எழுத்தில் சொல்லாமல் விட்டதும் பிடிபடும். சி2: கேட்பது, படிப்பது எல்லாமே இலகு, நுணுக்கமான வித்தியாசத்தையும் சொல்ல வரும்.

"நாம எதுல நிக்கிறோம்?" என்றாள் முஷ்ரிபா.

ஒன்றிலும் இல்லை. ஏ1-க்கே வெளியில் நின்றோம்.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்றேன். "சார், அட்டையில பி1னு போட்டிருந்தா, படிச்சு முடிக்கிறப்ப பி1க்கு வருவோம்னு அர்த்தம். ஏ2 முடிச்சவங்க எடுக்குற புத்தகம் இது. எங்களுக்கு ஏன் முதல் நாளே குடுத்தீங்க?"

"பரீட்சை பி1 எண்டா புத்தகமும் பி1 தானே! ஏ1, ஏ2 எண்டு ஒவ்வொண்டாப் படிச்சா எப்ப பரீட்சைக்குப் போறது?"

நான் மற்றவர்களைப் பார்த்தேன். "கடையில பாண் என்ன வெலன்னு ஜெர்மன்ல கேக்கத் தெரிஞ்சவங்க கையத் தூக்குங்க." ஒரு கையும் எழவில்லை. சுற்றாடல் மாசடைதல் பற்றிப் பேச ஆயத்தமானவர்களுக்குப் பாண் வாங்கத் தெரியவில்லை! சார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "உம்மட பேரைத் திரும்பப் போடுறன், இரும்" என்றார் மெல்ல.

என் வாயை அடைக்க என் பேரைப் போடுகிறாராம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "போடாதீங்க சார். ஒப்பிச்சுட்டு, பெயிலாகித் திரும்பி வர்றதுக்கு நான் போகமாட்டேன்." பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முஷ்ரிபாவும் வந்தாள்.

பழைய புத்தகக் கடையில் மூன்று ஏ1 புத்தகங்கள் இருந்தன. ஒன்று சின்னப் பிள்ளைகளுக்கானது, பொம்மையும் பலூனுமாக. இன்னொன்றில் விடைகள் இல்லை. ஆசிரியர் இல்லாமல் படிக்கிற நாங்கள் பிழையை யாரிடம் காட்டுவது? மூன்றாவது பெரியவர்களுக்கானது. முதல் பாடத்தைத் திறந்தால் படத்தைப் பார்த்தே பாதி ஊகிக்க முடிந்தது. கடைசியில் விடைகள். பக்க ஓரத்துக் கியூஆர் சதுரத்தைப் போனில் பிடித்ததும் பாடம் குரலில் வந்தது. அதை வாங்கினோம்.

பசறை பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்டேன். ஒரு பெண் பேர் கேட்டாள், ஊர் கேட்டாள், எதில் வந்தாய் என்று கேட்டாள். மூன்றாம் தடவை எல்லாமே விளங்கியது. நான் வாய்விட்டு ஜெர்மனில் பதில் சொன்னேன்: பஸ்ஸில் வருகிறேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகை என்று யாரும் நினைக்கவேண்டாம். ஏழு மாதம்! இருபது நிமிஷத்தில் விளங்குகிற ஒன்றுக்காக, மக்கு என்று என்னையே நான் திட்டிக்கொண்ட ஏழு மாதம்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "திங்கக்கெழம பெரட்டுக்கு வரமாட்டேன்."

"மூளையில ஏறலன்னியேடி?"

"மூளைக்கு ஒண்ணுமில்லம்மா. நான்தான் சார் சொன்னத நம்பிட்டேன்."

அம்மா மெதுவாகச் சொன்னாள். "நானும்தான்டி நம்பிட்டேன்."