ஐந்து பத்தும் ஆறு நாற்பதும்

என் வீட்டுக்காரர் மாரிக்கண்ணனுக்குச் சார்ஜாவில் ஒரு குடோனில் வேலை. அத்தைக்கு, அதாவது இவர் அம்மாவுக்கு, பக்கவாதம் என்று கேட்டதும் சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் லீவு சொல்லிவிட்டு ஓடிவந்தார். ஆறு மணி டூட்டிக்கு முன்னால் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் ஓடிப்போன ஆள் என்று எழுதி விசாவை ரத்து செய்துவிடுவார்கள். அந்தச் சூப்பர்வைசரோ, போன் மாற்றினேன், பழைய மெசேஜ் எல்லாம் போச்சு என்று கையை விரித்துவிட்டான். நல்லா இருப்பான். ஆபீஸ் மேனேஜர் இவரிடமே ஸ்கிரீன்ஷாட் கேட்டார்.

சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில், அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இவர் அனுப்பினார். உற்றுப் பார்த்து அனுப்ப மனுஷனுக்குத் தூக்கம் வேண்டாமா? பதில் உடனே வந்தது: ‘மெசேஜ் ஆறு நாற்பதுக்கு. டூட்டி தொடங்கிய பிறகு சொல்லியிருக்கிறாய்.’

“சத்தியமா அஞ்சு பத்துக்குப் போட்டேன்ட்டி. டாக்சில ஏறுததுக்கு முன்னாடி.”

போனை வாங்கிப் பார்த்தேன். அங்கே பத்து மணிக்குப் படுக்கப் போகும்போது எனக்குப் போடுகிற மெசேஜெல்லாம் அவர் போனிலேயே இப்போது பதினொன்றரை என்று நின்றது. என் போனில் அது என்றைக்குமே பதினொன்றரைதான். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

“ஏங்க, இங்கன எறங்கினதும் போன் இந்தியா டைமுக்கு மாறிட்டு. அங்க வச்சுப் போட்டதையும் இப்பம் நம்ம ஊரு டைம்லதான் காட்டுது. ஒன்றரை மணி நேரம் கூடுதல். நீங்க போட்ட நேரம் போட்ட நேரந்தான்.”

செட்டிங்கில் தானாக மாறுவதை நிறுத்தி, சார்ஜாவுக்கும் பொதுவான துபாய் நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஆறு நாற்பது ஐந்து பத்தாகிவிட்டது. இவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. அதையும் படம் எடுத்து அனுப்பினார்.

மேனேஜர் எழுதினார்: ‘முதலில் ஆறு நாற்பது. இப்போது ஐந்து பத்து. திருத்தி அனுப்புகிறாயா? இனி வர வேண்டாம்.’

நாடு மாறினால் போன் காட்டுகிற நேரமும் மாறும் என்று இவர் வாய்ஸ் மெசேஜில் மெதுவாக, கெஞ்சாத குறையாக விளக்கினார். ஒற்றை டிக் விழுந்தது. சாயந்திரம் வரைக்கும் அந்த ஒற்றை டிக்தான். கூப்பிட்டாலும் போகவில்லை; இவர் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அந்த ஆளைத் திட்டக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

“ரெண்டும் ஒரே நேரந்தானட்டி,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். “ரெண்டையும் அனுப்பினதுதான் திருட்டுத்தனமாத் தெரிஞ்சு போச்சு.”

அந்நேரம் பார்த்து அத்தை கண்ணைத் திறந்தாள். நாக்குக் குழற, “எப்பம்யா கெளம்புத?” என்று கேட்டாள்.

“போகலம்மா. இனி இங்கனதான் இருப்பேன்.”

அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோணிய வாயோடு சிரித்து, ஆடும் கையால் அவர் தலையைத் தடவினாள். அவரும் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.