கல்யாணப் படத்துக்கு மூக்குக்கண்ணாடி

கல்யாணத்தன்று மணப்பெண்ணைக் கண்ணாடியைக் கழற்றச் சொன்ன அந்தப் புகைப்படக்காரன் கையில் கிடைத்திருந்தால், ஸ்டூடியோக்காரி நன்றாக நாலு வார்த்தை கேட்டிருப்பாள். விளக்கைக் கொஞ்சம் உயர்த்தி, ஓரமாகத் தள்ளி வைத்தால் லென்ஸில் வெளிச்சம் அடிக்காது. அதற்குச் சோம்பல்பட்டு, "கழட்டிடுங்கம்மா, முகம் பளிச்சுனு விழும்" என்றிருக்கிறான் மகானுபாவன். படம் இத்தனை வருஷமாக பீரோவுக்குள் கிடக்கிறது.

இந்தக் கதையைச் சொன்னவர் அவள் எதிரே உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர், அந்த மணப்பெண்ணின் கணவர். "அதுல இருக்கறது யாரோ, நான் இல்லன்னு சொல்றா. சுவத்துல மாட்ட விடமாட்டேங்கறா. எனக்கு அந்தப் படத்த மாட்டணும்னு ரொம்ப ஆசைங்க. நீங்க படத்துல அவ மூஞ்சிக்குக் கண்ணாடி போட்டுக் குடுங்க, கல்யாண நாளைக்கு மாட்டிடறேன்."

"பிடிக்கலன்னு சொல்லிட்டா?"

"கிழிச்சுப் போட்டுடுவா. அவ கோவம் உங்களுக்குத் தெரியாது."

மனைவியின் பழைய கண்ணாடியை மேஜைமேல் வைத்தார். கறுப்பு ஃபிரேம், ஓரத்தில் தடித்த லென்ஸ். பள்ளிக்கூடத்தில் 'சோடாபுட்டி' என்று பட்டப்பெயர் வாங்கித் தரும் ரகம்.

ஸ்டூடியோக்காரி வேலையில் இறங்கினாள். படத்தில் முகம் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பி, லேசாகத் தலை சாய்ந்திருந்தது. நேராக எடுத்த கண்ணாடியை இந்த முகத்தில் ஒட்டினால் ஸ்டிக்கர் ஒட்டினதுபோல இருக்கும். மூக்கின் நிழல் எந்தக் கன்னத்தில் விழுகிறது என்று பார்த்து, விளக்கு இருந்த திசையைக் கண்டுபிடித்தாள். அதே திசையில் தன் விளக்கை வைத்து, கண்ணாடியைத் தானே மாட்டிக்கொண்டு, அதே சாய்வில் தலையைத் திருப்பி, டைமர் வைத்துப் படம் எடுத்தாள். கழுத்து பிடித்துக்கொண்டது.

பிறகு கம்ப்யூட்டரில் ஃபிரேமை மட்டும் வெட்டியெடுத்து மணப்பெண்ணின் மூக்கில் உட்கார வைத்தாள். தள்ளியிருக்கிற பக்கத்து லென்ஸ் குறுகலாகத் தெரிந்தது, அதுதான் சரி. ஃபிரேமின் நிழலை மூக்கு நிழல் போகிற பக்கமாகவே கன்னத்தில் விழவிட்டாள். கண்மணியில் வெள்ளைப் புள்ளியாக மின்னிய விளக்கைப் பார்த்து, லென்ஸ்களிலும் ஃபிரேம் ஓரத்திலும் பளபளப்பை இழுத்தாள். இரண்டு லென்ஸிலும் ஒரே மாதிரி வைக்கவில்லை, அப்படி வைத்தால் பொய் பல்லிளித்துவிடும். வேலை முடிந்ததும் அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

டிரைவர் வந்து வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ இல்லீங்க."

ஸ்டூடியோக்காரிக்குச் சுருக்கென்றது. அவர் சொல்வது என்னவென்று அவளுக்குத் தெரியும், தெரிந்தேதான் விட்டிருந்தாள். கிட்டப்பார்வை லென்ஸ் வழியே பார்த்தால் கண் சிறுத்துத் தெரியும், கன்னத்தின் ஓரமும் உள்ளே ஒடுங்கும். எந்தப் பெண்ணின் கண்ணையும் சின்னதாக்கக்கூடாது என்பது தொழிலில் அவள் கற்ற முதல் பாடம். மனதறிந்து செய்த மரியாதை அது.

"கண்ணச் சின்னதாக்கணும்ண்ணா. அப்புறம் உங்க வீட்ல என்னைத் திட்டக்கூடாது."

"ஆக்குங்க. தினமும் அந்தக் கண்ணத்தானே பாக்கறேன். எனக்கு அதான் பிடிச்சிருக்கு," என்றார் டிரைவர், கொஞ்சம் வெட்கத்தோடு.

லென்ஸுக்குள் இருந்த கண்களைச் சுருக்கினாள். கன்னக் கோட்டை ஃபிரேமுக்குள் ஒடித்து உள்ளே தள்ளினாள். உடனே அந்த மணப்பெண் யாரோவாக இல்லாமல் குறிப்பிட்ட ஒருத்தியாகிவிட்டாள். டிரைவர் தலையாட்டினார்.

கல்யாண நாளுக்கு மறுநாள் காலை, படத்தைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் கடைக்குள் நுழைந்தாள். முகத்தில் அதே ரகத் தடித்த கண்ணாடி.

"என் கண்ண இப்படிச் சின்னதாக்கினது நீங்களா?"

"நான் பெரிசாத்தாம்மா விட்டிருந்தேன். உங்க வீட்டுக்காரர்தான் அவ இல்லன்னு சொல்லிட்டாரு."

வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அவரா சொன்னாரு?"

"தினமும் அந்தக் கண்ணத்தானே பாக்கறேன், அதான் பிடிச்சிருக்குன்னாரு."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்பவும் அவரு செல்போன எடுத்துப் படம் பிடிச்சா உடனே கண்ணாடியக் கழட்டி வச்சுடுவேன். இந்தக் கண்ணப் பாத்தா அவருக்குப் பிடிக்காதுன்னு நெனச்சு. இத்தன வருஷம் வாயத் திறந்து ஒரு வார்த்த சொன்னாரா பாருங்க, அந்த மனுஷன்."

திட்டத்தான் செய்தாள், ஆனால் சிரிப்பு அடங்கவில்லை. கண் கலங்கியது, துடைத்துக்கொண்டாள்.

"இது ரொம்பச் சின்னதா இருக்கு," என்று படத்தை மேஜைமேல் வைத்தாள். "வாசல்ல நுழையறவங்களுக்கே தெரியற மாதிரி பெரிசா ஒண்ணு போட்டுக் குடுங்க."