கையெழுத்து இல்லாத சலான்

ராஜபாளையத்தில் கிருபாபாய்க்கு எட்டுத் தறி. ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்து சுற்றுவட்டார மருந்துக் கடைகளுக்கு அனுப்புவாள். கணவர் இறந்த பிறகும் தொழில் ஓய்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டவள். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் மொத்த வியாபாரி நவநீதகிருஷ்ணனிடம் இரண்டு பில் பணம் நின்றுபோனது. 2022 ஜூலை பதினான்கில் இறக்கிய சரக்குக்குத் தொண்ணூற்றிரண்டாயிரம். அதே வருடம் நவம்பர் பதினேழில் இறக்கியதற்கு எண்பத்தாறாயிரம்.

கேட்கும்போதெல்லாம் அவர் நல்ல வார்த்தைதான் சொன்னார். போன ஜூன் மாதம் கடைக்குப் போனபோது பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

"ஒனக்கு நம்பிக்கை வரலைன்னா பாக்கி இம்புட்டுன்னு எழுதித் தாரேம்மா."

"நமக்குள்ள எழுத்தெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? நீங்க சொன்னாப் போதும்" என்றாள் கிருபாபாய். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார்.

தீபாவளி கழிந்தும் பணம் வரவில்லை. அவளுக்காக வக்கீல் அனுசியா நோட்டீஸ் அனுப்பினார். பதில் நோட்டீஸ் ஒரே வாரத்தில் வந்தது. முதல் பில்லுக்குக் கேஸ் போடும் காலம் கடந்துவிட்டது, இரண்டாவது பில்லில் சொன்ன சரக்கு தன் கடைக்கு வரவேயில்லை என்றிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே இருந்த ஆபீசில் அனுசியா சரக்கு இறக்கியதற்கான இரண்டு சலான்களையும் மேஜையில் வைத்துப் பார்த்தார்.

"ஜூலைச் சலான்ல கையெழுத்து, கடை சீல் எல்லாம் இருக்கு. ஆனா கடன் தவணைன்னு பில்லுல எதுவும் போடலை. அதனால சரக்கு இறக்குன நாள்ல இருந்து மூணு வருசம். போன ஜூலை பதினாலோட முடிஞ்சுபோச்சும்மா."

"நான் மாசாமாசம் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்?"

"வாயால கேட்டது செல்லாது. கெடு முடியறதுக்குள்ள அவர் பாக்கி உண்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தா அன்னைக்கிருந்து புதுசா மூணு வருசம் கிடைச்சிருக்கும். பாதிப் பணம் செக்கா கொடுத்திருந்தாலும் சரி."

கிருபாபாய்க்கு அந்த மூடிய பேனா ஞாபகம் வந்தது. வக்கீலிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

"நவம்பர் பில்லுக்கு இந்த மாசம் பதினேழு வரைக்கும் நேரம் இருக்கு. நோட்டீஸ் விட்டதால நாள் நிக்காது, கேஸ் ஃபைல் பண்ணணும். ஆனா இந்தச் சலான்ல கையெழுத்தே இல்லையே. சரக்கை யாரு கொண்டுபோனது?"

"சோலைராஜ். அப்ப எங்க வேன் டிரைவர்."

"அவர் வந்து நான்தான் இறக்கினேன்னு சாட்சி சொல்லணும். இல்லைன்னா கட்டுற கோர்ட் ஃபீஸும் வீண்தான்."

சோலைராஜ் இப்போது நவநீதகிருஷ்ணனின் குடோனில்தான் வேலை பார்த்தான். கிருபாபாய்க்கு வேன் ஓட்டம் குறைந்தபோது அவளே சிபாரிசு செய்து சேர்த்துவிட்ட வேலை.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் தலையைத் தொங்கப்போட்டான்.

"இறக்குனது நாந்தான்க்கா. கையெழுத்துப் போடுற ஆளு சாப்பிடப் போயிருந்தாரு. பொறவு வாங்கிக்கலாம்னு வந்துட்டேன். எம்மேலதான் தப்பு."

"அதை மட்டும் கோர்ட்டுல சொன்னாப் போதும்ப்பா."

உள்ளேயிருந்து அவன் மனைவி மாரீஸ்வரி வந்து நின்றாள். "சொன்னா மறுநாளே வேலை போயிரும்க்கா. மகளுக்கு நர்சிங் பீஸ் பாதி கட்டியிருக்கு."

சோலைராஜ் நிமிரவேயில்லை. பதினேழாம் தேதி கெடு என்பதைக் கிருபாபாய் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அவன் கழுத்தை நெரிப்பதுபோல் ஆகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

சம்மன் அனுப்பி வரவழைக்கலாம் என்றார் அனுசியா. "வந்து ஞாபகமில்லைன்னு சொல்லிட்டா நம்ம கேஸ்தான் கெடும். நீங்கதான் முடிவு பண்ணணும்."

"அவன் பொழப்பைக் கெடுத்து வர்ற பணம் எனக்கு வேண்டாம் மேடம்" என்றாள்.

பதினேழு, திங்கட்கிழமை. அன்று முழுக்க அவள் தறி அருகிலேயே இருந்தாள். கோர்ட் மூடும் நேரம் கடந்ததும் காகிதங்களைக் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் காலை தறிகள் ஓடத் தொடங்கும்போது சோலைராஜ் வாசலில் நின்றான். கண் சிவந்திருந்தது.

"வேலையை விட்டுட்டேன்க்கா. மூணு நாளா தூக்கமே இல்ல. வாங்க, வக்கீலம்மாட்டப் போவோம். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

கிருபாபாய் பக்கத்திலிருந்த நூல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்தோட முடிஞ்சுபோச்சு சோலை."

"என்னது முடிஞ்சுபோச்சு?"

"கேஸ் போடுற நாள். மூணு வருசம் நேத்தோட சரி."

அவனுக்குப் புரியச் சற்று நேரமானது. "எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?" என்றான்.

அவனுக்குக் கொடுக்க அவளிடம் வேலை இல்லை. அடுத்த வாரம் இரண்டு தறிகளைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடப் போவதை அவனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், காபி போடுவதற்காக எழுந்து உள்ளே போனாள்.