ஆறு வருடத்துக்கு ஒரு தலைப்பு

முதல் நேர்காணலில் என் ஆறு வருடத்தை அந்த அதிகாரி ஒரே சொல்லில் முடித்துவிட்டார். "இடைவெளி," என்றார். புதிதாகச் சேருகிறவர்களுக்கான இடத்தில் வேண்டுமானால் பார்க்கலாமாம். முப்பத்தெட்டு வயதில், கல்லூரி முடித்த பிள்ளைகளோடு பயிற்சிக்கு உட்கார வேண்டும்!

அந்த ஆறு வருடமும் நான் சும்மா இருக்கவில்லை. மோட்டார், மிக்ஸி, தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் என்று வாங்கும்போது கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருமே, அதை எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்தபடியே, பல கம்பெனிகளுக்கு. அந்தப் புத்தகத்தில் எழுதியவர் பெயர் இருக்காது. நிறைய பேர் அதைப் பிரிப்பதும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கோபத்தில் சுயவிவரத்தைத் திருத்தினேன். 'நிறுவனர், நிர்வாக இயக்குநர்' என்று போட்டேன். ஒரு கம்பெனிப் பெயரும் வைத்தேன். 'எங்கள் குழு' என்றும் எழுதினேன். குழு என்றால் நானும் ஒரு மேசை விசிறியும்தான்.

என் நாத்தனார் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். அனுப்புவதற்கு முன் அவளிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இயக்குநரம்மா, உங்க கம்பெனில எத்தனை பேர்?"

"கிண்டல் பண்ணாதீங்க அண்ணி."

"நான் பண்ணலம்மா, அவங்க கேப்பாங்க. ஒருத்திதான்னு தெரிஞ்சா மீதி எழுதினதையும் நம்ப மாட்டாங்க. ஒருத்தியா செஞ்சேன்னு சொல்றதுல என்ன கேவலம்? மொத்தம் எத்தனை புத்தகம் எழுதின?"

எனக்குத் தெரியவில்லை. அதுதான் வெட்கமாகப் போயிற்று. பழைய மெயில்களைத் தோண்டி எண்ணினேன். முப்பத்தொன்று. ஒன்பது கம்பெனிகளுக்கு. அதில் மூன்று கம்பெனிகள் திரும்பத் திரும்ப வந்தவை. ஒன்பதையும் ஒன்பது வேலையாகப் போடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படிப் போட்டா ஒன்பது இடத்துலேர்ந்து ஓடி வந்தவ மாதிரி இருக்கும். ஒரே தலைப்பு: சுயதொழில், தொழில்நுட்பக் கையேடு எழுத்தாளர். எந்த மாசத்துலேர்ந்து எந்த மாசம் வரைக்கும்னு போடு. கீழ என்ன மாதிரி இயந்திரம், எத்தனை கையேடுன்னு எழுது. கம்பெனி பேரு போடலாமான்னு அவங்களைக் கேட்டுட்டுப் போடு. விசாரிக்க ரெண்டு பேரோட நம்பரும் வேணும்."

ஒருவர் உடனே சரி என்றார். இன்னொரு ஆள் மோட்டார் கம்பெனியின் சர்வீஸ் மேலாளர். என்னிடம் அதிகம் வேலை வாங்கியவர் அவர்தான், அதிகம் சண்டை போட்டதும் அவரோடுதான். மோட்டாரை என் கையால் கழற்றிப் பார்க்காமல் எழுத மாட்டேன் என்று ஒருமுறை அடம்பிடித்திருந்தேன். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில்தான் அவருக்கு போன் பண்ணினேன்.

"தாராளமா குடுங்க," என்றார். "ஆனா கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவேன்."

இரண்டாவது நேர்காணல் வேறு கம்பெனியில். சிறிய அறை, இரண்டே நாற்காலி. கையேடு எழுதும் பிரிவின் தலைவி நான் கொண்டுபோன மாதிரிக் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். ஒரு படத்தைக் காட்டி, ஏன் இந்த வரிசை என்று கேட்டார். சொன்னேன். அடுத்ததையும் கேட்டார். எனக்கே ஆச்சரியம், பேசிக்கொண்டே போனேன். மூச்சு விடாமல் பதினைந்து நிமிடம்.

கிளம்பும்போது, "நீங்க குடுத்த ரெண்டு பேர்கிட்டயும் பேசிட்டுச் சொல்றேன்," என்றார். வேலை போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன். ஐந்து நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. வீட்டில் எல்லோரும் என்னைச் சுற்றி மெதுவாக நடந்தார்கள்.

ஆறாவது நாள் அவரே கூப்பிட்டார்.

"மோட்டார் கம்பெனிக்காரர் உங்களைப் பத்தி நிறைய குறை சொன்னார்."

"தெரியும் மேடம்."

"ரெண்டு நாள் லேட் பண்ணினாங்க, மோட்டாரைத் தரையில பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்துட்டாங்க, படத்துல ஒயர் தப்பா இருக்குன்னு எங்க இன்ஜினியர்கிட்டயே சண்டை போட்டாங்கன்னாரு. படம் தப்புதானான்னு கேட்டேன். ஆமான்னாரு."

அவரே தொடர்ந்தார்.

"அந்தக் கையேடு போன பிறகு, மோட்டாரை எப்படி மாட்டறதுன்னு கேட்டு வர்ற போன் பாதியாயிடுச்சாம். இதை நீங்க சுயவிவரத்துல போடவே இல்லையே?"

"எங்கிட்ட யாரும் சொல்லல மேடம்."

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. பணி நியமன உத்தரவு மாலையில் மெயிலில் வந்தது. சம்பளத்துக்கு மேலே ஒரு வரி: முன் அனுபவம், ஆறு ஆண்டுகள். மூத்த எழுத்தாளர் நிலை.

சம்பளத்தை அப்புறம்தான் பார்த்தேன். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, விக்கி விக்கி அழுதேன்.