முப்பத்தாறு பேரை நிர்வகித்தவன்

எங்கள் தொழிலில் 'ஸ்ட்ரெங்த்' என்றால் ஒரு சைட்டில் நிற்கும் காவலாளிகளின் எண்ணிக்கை. இது தெரியாமல், வேலைக்குச் சேர்ந்த புதிதில் "ஸ்ட்ரெங்த் எவ்வளவு?" என்று கேட்ட அதிகாரியிடம், "ரெண்டு சிமெண்ட் மூட்டை தூக்குவேன் சாப்" என்று சொன்னவன் நான். அறையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்காமல் என்னை வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்த ஒரே ஆள் ஜக்பீர் மலிக்.

ஜக்பீர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவன். நான் கர்வால் மலைக்காரன், பெயர் நௌடியால். மீசையைப் பார்த்து என்னையும் முன்னாள் சிப்பாய் என்று பலர் நினைப்பார்கள். நான் ராணுவத்தைப் பார்த்ததெல்லாம் குடியரசு தின அணிவகுப்பில், அதுவும் டிவியில். பிராமணன் என்பதால் ஜக்பீர் என்னைப் 'பண்டிட்' என்றே கூப்பிடுவான். டெல்லிக்குப் பக்கத்து மானேசர் ஊரில் மோட்டார் உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் கேட் காவலாளியாக இருந்த என்னை சூப்பர்வைசர் ஆக்கியது அவன்தான். அவன் எங்கள் ஏஜென்சியின் ஏரியா ஆபீசர். பல சைட்டுகளைப் பைக்கில் சுற்றுவான். வாரத்தில் ஒருநாள் எங்களிடம் வருவான், என் டப்பாவில் பாதி பராட்டாவைத் தின்பான், போவான்.

குளிர் தொடங்கிய சமயத்தில் ஏஜென்சியின் ஒப்பந்தம் முடிகிறது என்று செய்தி வந்தது. கிடங்கு வேறு ஏஜென்சிக்குப் போகிறது. இப்படி நடந்தால் காவலாளிகள் பெரும்பாலும் அங்கேயே இருப்பார்கள், சட்டையில் பேட்ஜ் மட்டும் மாறும். ஆனால் சூப்பர்வைசருக்கு நேர்காணல் உண்டு. பயோடேட்டா கொடுக்க வேண்டும். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. அந்த வயதில் சூப்பர்வைசர் நாற்காலியை விட்டால் மறுபடி தடியோடு கேட்டில் நிற்க வேண்டியதுதான். முழங்கால் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.

கேட்டில் இருந்த அசாம் பையன் லோபின் பசுமதாரிதான் முதலில் கேட்டான்.

"நௌடியால் ஜி, பயோடேட்டா எழுதியாச்சா? நான் சொல்லட்டுமா, 'உறங்கும்போதும் ஒரு கண்ணு திறந்திருக்கும்'னு போடுங்க."

"உன்னப்பத்தி எழுதவா? ரெண்டும் மூடியிருக்கும்னுதான் எழுதணும்."

உட்கார்ந்து கையால் எழுதினேன். காவலாளிகள் இருபத்து நான்கு. ஷிப்ட் இரண்டு, காலை எட்டு, இரவு எட்டு. சம்பவ அறிக்கை: சீல் எண் பொருந்தாத லாரியை நிறுத்தியது, சரக்கு மேடையில் ஒருவன் விழுந்தது, பின்சுவர் ஓரம் கம்பி அறுந்து கிடந்தது. பயிற்சி: தீயணைப்பான் பிடிப்பது, உடல் சோதனை, அறிக்கை எழுதுவது. இந்தக் கடைசி வேலைதான் எனக்குப் பிடித்தது. "சந்தேகப்படும்படி இருந்தான்" என்று எவனாவது எழுதினால், "மூஞ்சியப் பாத்துத் தீர்ப்புச் சொல்ல நீ என்ன ஜட்ஜா? என்ன பண்ணான், அத மட்டும் எழுது" என்பேன். எதைப் பார்த்தாய், எப்போது, எங்கே, யார் இருந்தார்கள், என்ன செய்தாய், யாருக்குச் சொன்னாய். அவ்வளவுதான் அறிக்கை.

ஜக்பீர் அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்தான்.

"கையெழுத்துல குடுத்தா டாக்டர் சீட்டுன்னு மருந்துக் கடைக்கு அனுப்பிடுவானுங்க. நான் இங்கிலீஷ்ல டைப் பண்ணிட்டு வர்றேன் பண்டிட். செலவு என்னோடது."

மறுநாளே கொண்டுவந்தான். பளபளப்பான தாள். என் போட்டோகூட இருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். முப்பத்தாறு பேர், மூன்று ஷிப்ட். ஆள் நியமனமும் வருகைச் சான்றும் என் சொந்தப் பொறுப்பில் என்று இருந்தது.

"ஜக்பீர், இது தப்பு. இருபத்து நாலு பேருதான?"

"அட போடா. ஒப்பந்தத்துல என்ன போட்டிருக்கு? பன்னெண்டு பாயிண்ட், மூணு ஷிப்ட், முப்பத்தாறு. ஸ்ட்ரெங்த்னா அனுமதிச்ச எண்ணிக்கை. எங்க பட்டாலியன்ல எவ்வளவு பேருன்னு கேட்டா லீவுல போனவனக் கழிச்சிட்டா சொல்லுவோம்?"

"ஆனா இங்க யாரும் லீவுல போகலையே. அந்தப் பன்னெண்டு பேரு பொறக்கவே இல்லயே."

ஜக்பீர் வாய்விட்டுச் சிரித்தான். "பொறந்துட்டானுங்கன்னு வெச்சுக்கோ. இருபத்து நாலு பேரப் பாத்தவன்னா யாரும் திரும்பிப் பாக்க மாட்டான். முப்பத்தாறுன்னா நாற்காலி போடுவான்."

உண்மை இதுதான்: ஒப்பந்தத்தில் எட்டு மணி நேர ஷிப்ட். நடைமுறையில் என் ஆட்கள் பன்னிரண்டு மணி நேரம் நின்றார்கள். பாயிண்ட், அதாவது ஆள் காவல் நிற்கும் இடம், எதுவும் காலியாக இருந்ததில்லை. நான் சைட்டில் வைத்திருந்த வருகைப்பதிவில் இருபத்து நான்கு பெயர்கள்தான். பில்லோடு போகும் பதிவு கிளை அலுவலகத்தில் தயாராகும். அதை நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதுமில்லை. மேலே நடப்பது மேலே உள்ளவர்களுக்கு என்றிருந்தேன்.

அந்தத் தாளின் அடியில், எல்லா பயோடேட்டாவிலும் இருக்குமே, 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்' என்ற வரி, அதன்கீழ் இடம், தேதி, கையெழுத்து. அந்த வரியை யார் படிக்கிறார்கள்? முப்பத்தாறு பேரை நிர்வகித்தவன் என்று அச்சில் பார்த்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. மீசையை ஒருமுறை தடவிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

நேர்காணல் கிடங்கின் மாடி அறையில் நடந்தது. புது ஏஜென்சியின் ஆபரேஷன்ஸ் மேனேஜர் ஒருபுறம். நடுவில் கிடங்கின் நிர்வாகப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருந்த சுதேஷ்ணா பக்ஷி மேடம். பழைய ஏஜென்சி சார்பில் பொறுப்பை ஒப்படைக்க ஜக்பீர். அவனைப் பார்த்ததும் எனக்குத் தெம்பாக இருந்தது. கண்ணடித்தேன். அவன் தண்ணீர் குடித்தான்.

மேடம் என் பயோடேட்டாவைப் பார்த்தபடி கேட்டார். "பகல் ஷிப்ட் ரெண்டு மணிக்கு மாறும்போது கேட்ல எத்தனை பேர் இருப்பாங்க?"

காலை ஆறு மணிக்குத் தொடங்கும் எட்டு மணி நேர ஷிப்ட் என்றால் இரண்டு மணிக்கு மாற வேண்டும். எங்களிடம் இரண்டு மணிக்கு மாறுவது டீக்கடையில் கொதிக்கும் பால் மட்டும்தான்.

"நான் மூணு நாள் மாடியிலேர்ந்து பாத்தேன்," என்றார் மேடம். "காலையில வந்த முகங்கதான் சாயந்திரமும் நின்னுது. முப்பத்தாறு பேருக்கு நாங்க பணம் குடுக்கறோம். உங்க ஏஜென்சியக் கேட்டேன். இத அனுப்பினாங்க."

இது என்றால் என் பயோடேட்டா. கூடவே எங்கள் ஏஜென்சி எழுதிய ஒரு கடிதம். ஆள் நியமனத்தை சைட் சூப்பர்வைசரே தன்னிச்சையாகச் செய்தார், வருகையைச் சான்றளித்ததும் அவரே, எங்களுக்குத் தெரியாது. கடிதத் தேதியைப் பார்த்தேன். ஜக்பீர் என் கையெழுத்தை வாங்கிப்போன அதே நாள்.

அப்போதுதான் டைப் செலவு ஏன் அவனுடையது என்று புரிந்தது. எனக்கு எப்போதுமே இப்படித்தான், பஸ் போனபிறகு கை காட்டுவேன்.

"மலிக் ஜி, நீங்க சொல்லுங்க," என்றார் மேனேஜர்.

ஜக்பீர் என்னைப் பார்க்கவில்லை. "சார், நான் வாரத்துக்கு ஒரு தடவ வந்துபோற ஆளு. சைட்ல யார் நின்னாங்க, யார் நிக்கலன்னு இவருக்குத்தான் தெரியும். இவரே கையெழுத்துப் போட்டிருக்காரே."

இவர். பதினோரு வருஷமாக 'பண்டிட்', 'டேய்', 'மலைக் குரங்கே'. முதல்முறையாக எனக்கு மரியாதை கொடுத்தான். வசைகூட இவ்வளவு வலித்ததில்லை.

"ஜக்பீர்," என்றேன். "இங்க பாத்துப் பேசு."

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

மேடம் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "சம்பவ அறிக்கை எழுதறதுக்கு நீங்கதான் பயிற்சி குடுப்பீங்கன்னு போட்டிருக்கு. நடந்தத அறிக்கையா எழுதுங்க. பாக்கறேன்."

பேனாவை எடுத்தேன். 'துரோகி' என்று எழுதத்தான் கை துடித்தது. அது நான் பார்த்ததல்ல, நினைப்பது. பார்த்ததை எழுதினேன். சைட்டில் பணியிலிருந்தவர்கள் இருபத்து நான்கு பேர். மாற்றம் காலை எட்டு, இரவு எட்டு. ஏரியா ஆபீசர் கொண்டுவந்த பயோடேட்டாவில் முப்பத்தாறு என்றிருந்தது. தவறு என்று சொன்னேன். பிறகு கையெழுத்திட்டேன். சம்பந்தப்பட்டவர்கள் என்ற இடத்தில் என் பெயரை முதலில் எழுதி, அவன் பெயரை அடுத்து எழுதினேன். அவன் பெயரை எழுதும்போது எழுத்து கொஞ்சம் சரிந்தது. என்ன நடவடிக்கை எடுத்தாய் என்ற இடத்தில், 'எதுவும் இல்லை' என்று எழுத வேண்டியிருந்தது.

மேடம் படித்துவிட்டு மேனேஜரிடம் நீட்டினார். அவர் நிதானமாகப் படித்தார்.

"எழுத்து சுத்தமா இருக்கு, நம்பறேன்," என்றார். "ஆனா நௌடியால் ஜி, தப்புன்னு தெரிஞ்சே உண்மைன்னு கையெழுத்துப் போட்டவர நான் எப்படி சூப்பர்வைசரா வைக்கறது? நாளைக்கு நானே ஒரு தாள நீட்டுவேன், அதுலயும் போடுவீங்க."

இப்படிப்பட்ட கேள்விகளை மனிதர்கள் ஏன்தான் இவ்வளவு மெதுவாகக் கேட்கிறார்களோ.

கேட் வேலை வேண்டுமானால் தருகிறேன் என்றார். வேண்டும் என்றேன். பண விவகாரத்தை இரண்டு கம்பெனிகளும் வக்கீல் வைத்துப் பேசிக்கொள்ளும், ஜக்பீரின் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று மாடிப்படியில் இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பைக் அருகே என்னைப் பிடித்துக்கொண்டான். "பண்டிட், கோவப்படாத. மேலேர்ந்து ஒருத்தன் தலையக் கேட்டாங்க. எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு கட்டிக்குடுக்கணும். உனக்கு ஒரே பையன், அவனும் வேலைக்குப் போயிட்டான்."

"கணக்குப் போட்டுத்தான் எடுத்தியா?"

"உனக்குன்னா ஜெயில் வராது, மன்னிப்பாங்கன்னு தெரியும். உன் மூஞ்சி அப்படி."

அதையும் பாராட்டாகவே சொன்னான்.

புது ஏஜென்சி வந்த வாரம், பழைய சீருடைகளையும் டார்ச்சுகளையும் எடுத்துப்போக ஜக்பீர் வந்தான். நான் கேட்டில். இப்போது சூப்பர்வைசர் லோபின். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குத்தான் கூச்சம். வெளியே போகும் எல்லோரையும் சோதிக்க வேண்டும். ஜக்பீர் சிரித்தபடி வந்து நின்றான்.

"என்ன பண்டிட், என்னயுமா?"

"கையத் தூக்குங்க சார்."

சிரிப்பு நின்றது. கையைத் தூக்கினான். தோளிலிருந்து கீழே தட்டிக்கொண்டு வந்தேன். உள்ளே போட்டிருந்தது என் மனைவி அவனுக்குப் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர். அக்குளுக்குக் கீழே ஒரு தையல் அவிழ்ந்து நூல் தொங்கியது. இழுத்தால் முழுவதும் வந்துவிடும், வீட்டில் கொடுத்துத் தைத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

சொல்லவில்லை. பின்னால் வரிசை நின்றது.

"சரி, போங்க சார்," என்றேன். "அடுத்து யாரு?"