மப்ளருக்கு மேலே விழுந்த முடி

ஹுஸ்னியா ராத்தா அந்தப் படத்தை நதீராவைத் தவிர வேறு யாரிடமும் கொடுத்திருக்கமாட்டாள். முக்காடு இல்லாமல், முடியை அவிழ்த்துவிட்டு, தன் அறைக்குள்ளேயே எடுத்த படம். கொரியாவில் வேலை செய்யும் அவளுடைய கணவன் றிஸ்மி அவளுக்காக ஒரு சிவப்புக் கம்பளி மப்ளர் வாங்கி, அதைப் படம்பிடித்து அனுப்பியிருந்தான். பொதி வருமுன்னே அதைக் கழுத்தில் சுற்றியதுபோல் ஒரு படம் அனுப்பி அவனைத் திகைக்கவைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"முடி மப்ளருக்கு மேலால விழோணும் புள்ள. அவருக்கு என்ட முடியெண்டா உசிரு. ஆம்புளயள்ற கண்ணுல மட்டும் பட்டிரக்கூடா."

"பொம்புளயள்ற படம் நான் மட்டுந்தான் பாக்கிற ராத்தா," என்றாள் நதீரா. கல்முனை பஸாரிலுள்ள ஸ்டூடியோவில் அவளை வேலைக்குச் சேர்த்தபோது முதலாளி மிஹ்லார் காக்கா தந்த வாக்கு அது.

நதீரா கணினியில் மப்ளரை வெட்டியெடுத்துக் கழுத்தின் வளைவுக்கு வளைத்தாள். ஒட்டவைத்தது போலத்தான் இருந்தது. பிறகு முடியை மட்டும் பிரதியெடுத்து, மப்ளருக்கு மேலே தனி லேயராக, இன்னொரு அடுக்காக வைத்து, மெல்லிய பிரஷால் ஓரங்களை இழை இழையாகப் பிரித்தாள். கலைந்து நின்ற இழைகளை அவளே வரைந்தாள். முடியின் நிழல் கம்பளியிலும் கம்பளியின் நிழல் கழுத்திலும் விழுந்த பிறகுதான் மப்ளர் ஹுஸ்னியாவின் மப்ளரானது.

படத்தைப் பார்த்த ஹுஸ்னியா வெட்கப்பட்டுச் சிரித்தாள். "குளிருது புள்ள," என்றாள்.

அடுத்த வாரம் அதே படம் கடையின் முகநூல் பக்கத்தில் கிடந்தது. மப்ளர் இல்லாமல் ஒன்று, மப்ளரோடு ஒன்று. 'உங்கள் படத்துக்கும் செய்து தருவோம்.'

நதீரா ஓடிப்போய் மிஹ்லார் காக்காவின் மேசையருகே நின்றாள்.

"ஏன் பதர்ற? முகத்த மறைச்சித்தானே போட்ட," என்றார் அவர். "முடி எவ்வளவு இயல்பா விழுந்திரிக்கி. உன்ட வேலயத்தானே புள்ள புகழ்ந்திரிக்கன்."

"முகத்த அவ றோட்டுலயும் காட்டுறாதானே காக்கா. மறைக்கிற முடியத்தான் நீங்க ஊருக்குக் காட்டியிரிக்கீங்க."

அவர் முனகிக்கொண்டே பதிவை நீக்கினார். அதற்குள் பலர் படத்தைச் சேமித்து வாட்ஸ்அப்பில் பகிர்ந்திருந்தார்கள். மப்ளரை வாங்கிய றிஸ்மிக்கு அவளை அடையாளம் காண முகம் தேவைப்படவில்லை. கொரியாவிலிருந்து ஹுஸ்னியாவை அழைத்து, "யாருக்கிட்டக் குடுத்த?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

பின்னேரம் ஹுஸ்னியா கடைக்கு வந்தாள். சத்தம்போடவில்லை. நதீராவின் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"நான் உன்ட கையிலதானே தந்த."

"காக்கா எனக்கிட்டக் கேக்கல்ல ராத்தா. அல்லாஹ்வுக்காக நம்புங்க."

"அவருக்கு நான் தரல்லயே. உனக்குத்தானே தந்த. அழிச்சிரு."

நதீரா கோப்பைத் திறந்தாள். முதலில் முடி போனது, பிறகு மப்ளர், கடைசியில் ஹுஸ்னியா. கணினியின் குப்பைக்கூடையையும் வெறுமையாக்கினாள்.

ஹுஸ்னியா முக்காட்டை இழுத்துக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப எங்கயும் இல்லதானே புள்ள?"

நதீரா மேசையிலிருந்த தன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.